பிரிட்டனில் லேப் வேலை: எச்.சி.பி.சி. பதிவு வாங்குவது எப்படி

ஊரில் ஆஸ்பத்திரி லேபில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு பிரிட்டனுக்கு வருகிறவர்கள், சி.வி. எழுதும் முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 'பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்' என்பது இங்கே சட்டப் பாதுகாப்பு உள்ள பதவிப்பெயர். எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறாமல் அப்படிச் சொல்லிக்கொள்வது குற்றம். ஊரில் என்ன பதவியில் இருந்தீர்களோ, அதையே போடுங்கள்.

அடுத்தது படிப்பு. இங்கே இந்த வேலைக்குப் படித்து வருகிறவர்களிடம் ஹானர்ஸ் பட்டமும், லேபில் பயிற்சி முடித்த சான்றும் இருக்கும். அதனால் பி.எஸ்சி. எம்.எல்.டி. முடித்தவர்கள் வெளிநாட்டுப் படிப்புக்கான வழியில் எச்.சி.பி.சி.க்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். டிப்ளமோ மட்டும் இருந்தால் அது கடினம். அவர்கள் ஐ.பி.எம்.எஸ். என்ற தொழில்முறை அமைப்பிடம் படிப்பை மதிப்பிடக் கொடுத்து, குறைகிற பாடங்களைப் படித்து, பிறகு லேபில் பயிற்சிக் கோப்பை முடிக்கும் நீண்ட வழியைப் பார்ப்பது நல்லது. ஆங்கிலத் தேர்வு தேவைப்படுகிறவர்கள் ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் மொத்தம் 7 வேண்டும், எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் கீழே போகக்கூடாது.

விண்ணப்பத்தில் பலர் தடுமாறுவது அனுபவத்தை எழுதும் இடத்தில்தான். எத்தனை வருடம், எத்தனை சாம்பிள் என்பதை வைத்து மட்டும் முடிவு செய்ய மாட்டார்கள். எச்.சி.பி.சி. வெளியிட்டிருக்கும் தகுதித்தர விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் படிப்பும் வேலையும் ஒவ்வொரு விதிக்கும் எங்கே பதில் சொல்கிறது என்று பார்ப்பார்கள். இப்போது நடைமுறையில் இருப்பது 2023 செப்டம்பரில் வந்த பதிப்பு.

பயோகெமிஸ்ட்ரியிலேயே ஆறு வருடம் இருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். "தினமும் அனலைசரில் டெஸ்ட் போட்டேன், கியூ.சி. பார்த்தேன்" என்று எழுதினால் மதிப்பிடுபவருக்கு அதில் எதுவும் கிடைக்காது. அதையே இப்படி எழுதலாம்: "குளுக்கோஸ் கண்ட்ரோல் தொடர்ந்து பத்து தடவை சராசரிக்கு மேலேயே வந்தது. லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டைப் பார்த்தபோது, புது ரீஏஜென்ட் லாட் மாற்றிய நாளிலிருந்து ஏற்றம் தொடங்கியது தெரிந்தது. ரிப்போர்ட்டை நிறுத்திவைத்து, மறுபடி கேலிபரேட் செய்து, கண்ட்ரோல் சரியான பிறகு அந்த நாட்களின் சாம்பிள்களில் சிலவற்றைத் திரும்ப ஓட்டி ஒப்பிட்டேன். மேலதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதினேன்." பிழையை நீங்களே கண்டுபிடித்து, காரணம் தேடி, நோயாளிக்குத் தவறான ரிப்போர்ட் போகாமல் தடுத்தீர்கள் என்பது இதில் தெரிகிறது. இப்படி நிஜமாக நீங்கள் செய்தவற்றை மட்டும் எழுதுங்கள்.

சரி, பயோகெமிஸ்ட்ரி மட்டும் பார்த்தவருக்கு மற்ற பிரிவுகள்? ஹெமட்டாலஜி, டிரான்ஸ்ஃபியூஷன், மைக்ரோபயாலஜி, ஹிஸ்டாலஜி எல்லாவற்றிலும் அடிப்படை அறிவு இருப்பதைக் காட்டியாக வேண்டும். அதைக் காட்டப்போவது உங்கள் கல்லூரிப் பாடத்திட்டம். மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயர் மட்டும் இருக்கும். உள்ளே என்ன படித்தீர்கள், எத்தனை மணி நேரம் பிராக்டிகல் என்பது அதில் இருக்காது. அந்த விவரத்தைக் கல்லூரி முத்திரையோடு ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். இங்கே வந்தபிறகு கல்லூரி அலுவலகத்துக்கு போன் போட்டுக்கொண்டே இருப்பது பெரும்பாடு. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கக் கட்டும் பணமும் திரும்பி வராது, அதனால் காகிதங்கள் முழுதாகச் சேர்ந்தபிறகு அனுப்புங்கள்.

பதிவு வரும்வரை மெடிக்கல் லேபரட்டரி அசிஸ்டென்ட் வேலைக்குப் போகலாம், அதற்கு எச்.சி.பி.சி. பதிவு தேவையில்லை. என்.எச்.எஸ். சம்பளப் படிநிலையில் பெரும்பாலும் பேண்ட் 2 அல்லது 3. பதிவு பெற்ற சயின்டிஸ்ட் தொடங்குவது பேண்ட் 5. சாம்பிளை வாங்கிப் பதிவது, சென்ட்ரிஃபியூஜில் போடுவது என்று வேலை சின்னதாகத் தெரியலாம். ஆனால் இங்குள்ள லேபின் கண்டிப்பு புரிவது அங்கேதான்.

முக்கியமாக பிளட் டிரான்ஸ்ஃபியூஷன் சாம்பிள். டியூபிலும் ஃபார்மிலும் பெயர், பிறந்த தேதி, நோயாளி எண் எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பி, புது சாம்பிள் கேட்பார்கள். வார்டிலிருந்து வந்து திருத்திவிட்டுப் போகிறேன் என்றால் நடக்காது. இதற்கு முன் குரூப் பார்க்காத நோயாளி என்றால், அவசரம் இல்லாதபோது, தனியாக எடுத்த இரண்டாவது சாம்பிளிலும் குரூப் ஒத்துப்போன பிறகே அந்தக் குரூப் ரத்தம் கொடுப்பார்கள்.

அப்புறம் யூனிட். ஹீமோகுளோபின் 8.2 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே 82 என்று வரும், ஏனென்றால் கணக்கு லிட்டருக்கு. குளுக்கோஸ் 180 இங்கே 10. 18-ஆல் வகுக்க வேண்டும். கிரியேட்டினின் 1.2 என்பது 106, 88.4-ஆல் பெருக்க வேண்டும். இன்டர்வியூவில் ஒரு ரிப்போர்ட்டை நீட்டி, எதை உடனே வார்டுக்கு போனில் சொல்வீர்கள் என்று கேட்கலாம். அப்போது மனதுக்குள் பழைய யூனிட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்க நேரம் இருக்காது, இந்த எண்களிலேயே பழகிக்கொண்டு போங்கள்.