வருஷ நடுவில் கூடுதல் பட்ஜெட் கேட்டு மெமோ எழுதுவது: கேன்டீன் கேஸ் கணக்கை வைத்து ஒரு விளக்கம்

போன அக்டோபரில் எங்கள் தொழிற்சாலை கேன்டீனுக்கு கேஸ் பட்ஜெட் கூட்டிக் கேட்டு நான் எழுதிய முதல் மெமோ இரண்டே நாளில் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: "5,000 ரூபாய்தானே அதிகம், எதற்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல்?" கேட்டவர் மேல் தப்பில்லை. நான் லெட்ஜரை அப்படியே நம்பியதுதான் தப்பு.

பட்ஜெட் இதுதான்: 400 பேருக்கு மாதம் 40 கமர்ஷியல் சிலிண்டர், ஒன்று 1,800 ரூபாய். ஆறு மாதத்துக்கு 4,32,000, வருஷத்துக்கு 8,64,000. (கணக்கு புரிவதற்காக எண்களை முழுமையாக்கியிருக்கிறேன்.)

முதலில் உண்மைச் செலவைக் கண்டுபிடியுங்கள்

நான் மாட்டிக்கொண்ட இடம் இது. செப்டம்பர் 30 அன்று லெட்ஜரில் இருந்தது 4,37,000. செப்டம்பரில் எரித்த 45 சிலிண்டருக்கான பில் அக்டோபர் 6-ஆம் தேதிதான் என்ட்ரி ஆனது. அந்த 85,500 ரூபாயையும் சேர்த்தால் செலவு 5,22,500. ஆக, அதிகம் 5,000 இல்லை, 90,500.

இதைப் பிடிக்க ஒரே வழி, ஸ்டோர் ரிஜிஸ்டரில் சிலிண்டர் எண்ணிக்கையைக் கூட்டி, பில்களோடு ஒப்பிடுவது. எங்கள் ரிஜிஸ்டரில் 275 சிலிண்டர், என்ட்ரி ஆன பில்களில் 230. விடுபட்ட 45 அங்கேயே தெரிந்துவிட்டது.

வேறுபாட்டை விலை, அளவு என்று பிரியுங்கள்

டேலி ரிப்போர்ட்டை அப்படியே இணைக்காதீர்கள். அது எவ்வளவு அதிகம் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. நாலு கட்டம் போட்ட எக்ஸெல் போதும். B பட்ஜெட், C நடப்பு. 2-ஆம் வரி விலை, 3-ஆம் வரி எண்ணிக்கை.

```
=(C2-B2)*C3
=(C3-B3)*B2
```

முதல் வரி விலையால் வந்தது: 100 ரூபாய் உயர்வு, 275 சிலிண்டர், 27,500. இரண்டாவது அளவால் வந்தது: 35 சிலிண்டர் கூடுதல், பழைய விலை 1,800, மொத்தம் 63,000. இரண்டையும் கூட்டினால் 90,500 வர வேண்டும். வரவில்லையென்றால் விலையையும் எண்ணிக்கையையும் எங்கோ மாற்றிப் பெருக்கியிருக்கிறீர்கள்.

காரணத்தைத் தொடர்வது, தொடராதது என்று பிரியுங்கள்

அந்த 35 சிலிண்டரில் 15, ஜூலையில் 50 பேர் புதிதாகச் சேர்ந்ததால். பத்துப் பேருக்கு மாதம் ஒரு சிலிண்டர் என்பதுதான் பட்ஜெட் கணக்கே. மூன்று மாதத்துக்கு 15. இது மார்ச் வரை தொடரும். மீதி 20, ஆகஸ்டில் ஸ்டீம் பாய்லர் பழுதாகிக் கிடந்தபோது சோற்றையும் கேஸில் வேகவைத்ததால். இது முடிந்துபோன கதை. "விலைவாசி உயர்வு மற்றும் பயன்பாடு அதிகரிப்பு" என்று ஒரே வரியில் எழுதினால் படிப்பவருக்கு எது திரும்ப வரும் என்று தெரியாது.

கேட்கும் தொகை

நிறைய பேர் இதுவரை மிஞ்சிய தொகையையே கேட்கிறார்கள். 90,500 வாங்கியிருந்தால் பிப்ரவரியில் மறுபடி கையேந்தியிருப்பேன். வரப்போகும் ஆறு மாதத்தைக் கணக்கிடுங்கள்: மாதம் 45 வீதம் 270 சிலிண்டர், 1,900 விலையில் 5,13,000. கையில் மிச்சம் 3,41,500. பற்றாக்குறை 1,71,500. பாத்திரம் மாற்றும் தலைப்பில் செலவழிக்காத 40,000 இருந்தது. அதை மாற்றிக் கேட்டால் புதுப் பணம் 1,31,500 போதும். நம் பங்குக்குத் தேடிப் பார்த்தோம் என்று காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் முறை போன மெமோவின் முதல் பத்தி:

> கேன்டீன் கேஸ் தலைப்பில் 2-ஆம் அரையாண்டுக்கு ரூ.1,71,500 தேவை. ரூ.40,000 பாத்திரத் தலைப்பிலிருந்து மாற்றவும், ரூ.1,31,500 கூடுதலாக ஒதுக்கவும் கோருகிறேன். செப்டம்பர் வரை வேறுபாடு ரூ.90,500: விலை ரூ.27,500, ஆள் கூடுதல் ரூ.27,000, பாய்லர் பழுது ரூ.36,000 (தொடராது). ஒதுக்கீடு இல்லையெனில் ஜனவரி இறுதிக்குள் தொகை தீரும்.

கடைசி வரிக்கு மாதம் 85,500-ஆல் 3,41,500-ஐ வகுத்தேன்: நாலு மாதம்கூட இல்லை. "விரைந்து ஆவன செய்யவும்" என்பதைவிட இந்தத் தேதி வேலை செய்தது.

கமர்ஷியல் சிலிண்டர் விலை வழக்கமாக மாதா மாதம் 1-ஆம் தேதி மாறும். அதனால் 1,900 என்பது என் அனுமானம் என்றும், 50 ரூபாய் ஏறினால் இன்னும் 13,500 வேண்டும் என்றும் கீழே தனியாக எழுதினேன்.

பிற்சேர்க்கை: ஒரு வாசகருக்கு விலை வேறுபாடு மட்டும் பூதாகரமாக வந்தது. பட்ஜெட்டில் ஜிஎஸ்டி இல்லாத விலை, நடப்பில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த விலை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொருவர் கேட்டது: புது ஆட்கள் வாங்கும் சாப்பாட்டு டோக்கன் பணம் எங்கே? நியாயமான கேள்வி. எங்களிடம் அது வேறு வரவுத் தலைப்பில் போகிறது. அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபைனான்ஸில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.