எண்ணெய் விட்டும் பாக்டீரியா தெரியவில்லையா? ஆயில் இம்மெர்ஷன் லென்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அரை மணி நேரமாக ஒரே ஸ்லைடோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை ஸ்லைடில் மெல்லிய படலமாகப் பரப்பி, கிராம் ஸ்டெயின் என்ற முறையில் சாயமேற்றிய ஸ்மியர். நான் பக்கத்தில் போனதும், "மேடம், பத்துல ஊதாவா நல்லா தெரிஞ்சது. நாற்பதுல ஃபோகஸே வரல. சரி, நூறுல வந்துடும்னு ஆயில் விட்டுப் பார்த்தேன். எல்லாம் புகையா இருக்கு" என்றாள். சொல்லிக்கொண்டே பெரிய திருகைத் திருப்பினாள். 'டிக்' என்று ஒரு சத்தம். ஸ்லைடில் குறுக்கே ஒரு கீறல் ஓடிவிட்டது.

அன்று அவள் மேசையில் நடந்தவற்றை வரிசையாகச் சொன்னாலே, நூறு எக்ஸ் லென்ஸில் எல்லோரும் செய்யும் முக்கியமான தவறுகள் வந்துவிடும். அதற்கு முன் அந்த எண்ணெய் எதற்கு என்பதைப் பார்த்துவிடுவோம். அது புரியாமல் விதிகளை மட்டும் மனப்பாடம் செய்தால், அடுத்த முறை வேறு மாதிரி புகை வரும்போது என்ன செய்வதென்று தெரியாது.

பஜ்ஜி மடித்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் ஊறிய இடம் மட்டும் ஒளி ஊடுருவித் தெரியும். தாளின் நார்களுக்கு இடையில் இருந்த காற்றுதான் அதுவரை ஒளியைச் சிதறடித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தை எண்ணெய் பிடித்ததும் நாருக்கும் இடைவெளிக்கும் வித்தியாசம் குறைந்து, ஒளி நேராகப் போகிறது. லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே நாம் விடும் சொட்டுக்கும் இதே வேலைதான். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52. இம்மெர்ஷன் ஆயிலுடையது 1.515 அளவில் இருக்கும்படி தயாரிக்கிறார்கள். காற்றுக்கு 1. கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் போகும் ஒளி 41 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் வெளியேறவே முடியாது, திரும்பிவிடும். ஆனால் பாக்டீரியாவில் பட்டு அகலமாக விரியும் அந்தச் சாய்ந்த கதிர்களில்தான் நுண்ணிய விவரம் இருக்கிறது. எண்ணெய் இருந்தால் 55 டிகிரி வரை சாய்ந்த கதிர்களையும் லென்ஸ் வாங்கிக்கொள்கிறது.

லென்ஸின் மேல் 100 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 1.25 என்று எழுதியிருப்பது இந்த வாங்கும் திறனைத்தான். சாதாரண 40 எக்ஸ் லென்ஸில் அது 0.65. நடைமுறையில் இதன் பொருள் என்னவென்றால், நாற்பதில் ஏறத்தாழ அரை மைக்ரான் இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளைத்தான் பிரித்துப் பார்க்க முடியும். எண்ணெயோடு நூறில் கால் மைக்ரான் இடைவெளி வரை முடியும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஒன்றின் குறுக்களவே ஒரு மைக்ரான்தான் என்பதால், நாற்பதில் ஊதா மணல் போலத் தெரிவது நூறில் ஒவ்வொரு உருண்டையாகப் பிரிகிறது. எனவே எண்ணெயை வழவழப்புக்காக விடும் பொருளாக நினைக்காதீர்கள். அது லென்ஸின் ஒரு பகுதி, ஊற்றிக்கொள்ளும் கண்ணாடி. இடையில் கண்ணாடி அல்லாத எது புகுந்தாலும் லென்ஸ் கெட்டதற்குச் சமம்.

இப்போது அந்த மாணவியின் முதல் தவறு. ஸ்லைடு தலைகீழாக இருந்தது. ஸ்மியர் கீழ்ப்பக்கம், அவள் எண்ணெய் விட்டது மேல்பக்கம். ஸ்லைடின் கனம் சுமார் ஒரு மில்லிமீட்டர். பத்து எக்ஸ் லென்ஸ் பல மில்லிமீட்டர் தள்ளி நின்றே பார்க்கும், அதனால் அதற்குக் கண்ணாடியின் கனம் தடையில்லை. நாற்பது அரை மில்லிமீட்டர் சொச்சம்வரை நெருங்க வேண்டும். நூறு எக்ஸோ 0.13 மில்லிமீட்டர் அளவுக்கு, கிட்டத்தட்ட ஒரு தாளின் கனத்துக்கு, நெருங்கினால்தான் ஃபோகஸ் வரும். ஸ்மியர் மறுபக்கம் இருந்தால் கண்ணாடியை உடைக்காமல் அங்கே போகவே முடியாது. ஆகவே பத்தில் தெளிவு, நாற்பதில் வரவே இல்லை என்றால் முதலில் ஸ்லைடைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதை எடுத்து டியூப் லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கம் பளபளப்பாகவும் ஸ்மியர் உள்ள பக்கம் மங்கலாகவும் இருக்கும். ஸ்மியர் போடும்போதே அதே பக்கத்தின் ஓரத்தில் அடையாளம் எழுதிவைத்தால் இந்தத் தொல்லையே வராது.

நாற்பதில் சரியாக வராததை விட்டுவிட்டு நூறுக்குத் தாவியது இன்னொரு தவறு. நாற்பதில் கூர்மையாக ஃபோகஸ் செய்துவிட்டால் நூறு ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து நிற்கும். சிறிய திருகை அரைச் சுற்றுக்குள் அசைத்தால் போதும். பெரிய திருகை நூறில் தொடவே கூடாது. இன்னொரு உபாயமும் உண்டு: ஒரு கையால் சிறிய திருகை மெதுவாகத் திருப்பும்போதே மறு கையால் ஸ்லைடை இம்மியளவு முன்னும் பின்னும் நகர்த்துங்கள். நிற்கும் மங்கலைக் கண் கவனிக்காது, நகரும் நிழலைப் பிடித்துவிடும்.

சரி, இரண்டாவது ஸ்லைடு. இந்த முறை பக்கம் சரி, நாற்பதிலும் தெளிவு. லென்ஸைப் பாதி திருப்பி நிறுத்தி, வெளிச்சம் விழும் இடத்தில் ஒரு சொட்டு விட்டு, நூறைக் கொண்டுவந்தாள். தெரிந்தது, ஆனால் காலைப் பனிக்குள் பார்ப்பது போல. ஐபீஸைக் கழற்றி, குழாய்க்குள் நேராகப் பார்க்கச் சொன்னேன். ஒளி வட்டத்தின் நடுவில் கறுப்பு விளிம்போடு ஒரு சின்ன வட்டம். காற்றுக் குமிழி! சொட்டு மருந்து பாட்டிலைப் போல அழுத்தி அழுத்தி எண்ணெயை விட்டதில் அது உள்ளே வந்திருக்கிறது. லென்ஸை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு முறை அசைத்தால் சில நேரம் குமிழி விலகும். இல்லையென்றால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு சொட்டு. ஸ்மியரைச் சரியாகக் காயவிடாமல் எண்ணெய் விட்டாலும் இதே பனிதான் வரும். அங்கே குறுக்கே நிற்பது தண்ணீர். கழுவிய ஸ்லைடை ஒற்றி எடுத்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் காற்றில் வையுங்கள்.

எண்ணெய் தீர்ந்துவிட்டால் லிக்விட் பாரஃபின் விடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதன் ஒளிவிலகல் எண் 1.47-க்கு மேல், அவசரத்துக்குப் பரவாயில்லை, தெளிவு சற்றுக் குறையும். எண்ணெயே இல்லாமல் பார்ப்பது மட்டும் எந்த அவசரத்துக்கும் உதவாது.

குமிழி போன பிறகும் அவள் திருப்தியடையவில்லை. "கருப்புக் கருப்பா நிறைய தெரியுது மேடம், எது காக்கஸ்னே தெரியல." இது நான் மிக அதிகமாகப் பார்க்கும் தவறு, ஆனால் யாரும் இதைத் தவறென்றே நினைப்பதில்லை. ஸ்லைடுக்கு அடியிலிருந்து ஒளியைக் குவித்து அனுப்பும் கண்டென்சர் கீழே இறங்கிக் கிடந்தது, அதன் ஒளித்துளையைச் சுருக்கி விரிக்கும் ஐரிஸ் டயஃபிரம் முக்கால்வாசி மூடியிருந்தது. பத்தில் பார்க்கும்போது வெளிச்சம் கூசுகிறதென்று மூடியவள் அப்படியே விட்டுவிட்டாள். டயஃபிரம் குறுகினால் ஒளி-நிழல் மாறுபாடு கூடும், படம் 'பளிச்'சென்று இருப்பது போலத் தோன்றும். ஆனால் லென்ஸுக்கு வர வேண்டிய சாய்ந்த கதிர்களை நாமே கீழே தடுத்துவிடுகிறோம். எண்ணெயால் கிடைத்த லாபம் இங்கே போய்விடுகிறது. தூசி, ஸ்டெயின் படிவு என்று எல்லாவற்றையும் சுற்றி ஒரு கறுப்பு வளையம் விழுந்து, எல்லாமே காக்கஸாகத் தெரியும். நூறுக்கு வந்ததும் கண்டென்சரை மேலே ஏற்றி, டயஃபிரத்தை முக்கால்வாசிக்கு மேல் திறந்துவிடுங்கள். வெளிச்சம் கூசினால் விளக்கின் திருகைக் குறையுங்கள், டயஃபிரத்தை அல்ல. ஐபீஸைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்தால் ஒளி வட்டம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

திறந்ததும் ஒரு கணம் எல்லாம் வெளிறியது போல இருந்தது. அவள் சிறிய திருகைத் தொட்டாள். ஊதா உருண்டைகள், திராட்சைக் கொத்தாக, ஒரே அளவில். படிவுத் துணுக்குகள் அளவிலும் வடிவத்திலும் தாறுமாறாக, கொஞ்சம் வேறு மட்டத்தில் கிடந்தன. பிரித்துப் பார்ப்பது அதன் பிறகு கஷ்டமாக இல்லை.

அடுத்து நடந்தது சின்ன விஷயம், ஆனால் அதன் விலை பெரிது. வேறொரு இடத்தைத் தேட அவள் கை நாற்பதை நோக்கித் திருப்பப் போனது. பிடித்து நிறுத்தினேன். எண்ணெய் விட்ட ஸ்லைடின் மேல் நாற்பதைக் கொண்டுவந்தால் அதன் முகம் எண்ணெயில் தோயும். அது காற்றில் பார்க்கச் செய்த லென்ஸ். எண்ணெய்ப் படலம் ஒட்டிய பிறகு எல்லாமே மங்கல், அடுத்து வரும் மாணவர் மைக்ரோஸ்கோப் கெட்டுவிட்டது என்பார். இடத்தைத் தவறவிட்டால் நாற்பதின் பக்கமே போகாமல், எதிர்த்திசையில் திருப்பிப் பத்துக்குப் போங்கள். அது சொட்டுக்கு வெகு மேலே நிற்கும்.

முடித்ததும் லென்ஸ் பேப்பரால் எண்ணெயை ஒற்றி எடுத்து, பிறகு புதிய பேப்பரால் ஒரே இழுப்பாகத் துடையுங்கள். கைக்குட்டையும் பஞ்சும் வேண்டாம். சைலீனில் நனைத்துத் தேய்ப்பதும் வேண்டாம், அது லென்ஸை ஒட்டியிருக்கும் பசையைத் தளர்த்தும். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, ஐபீஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் நல்ல உருப்பெருக்கி. அதன் வழியே லென்ஸின் முகத்தைப் பாருங்கள்.

சளி ஸ்லைடில் காசநோய்க் கிருமி தேடுபவர்களுக்கு இதோடு முடிவதில்லை. அங்கே எண்ணெயே பொய் முடிவைக் கொடுக்கும். சொட்டு விடும் குச்சியோ குழாய் முனையோ ஒரு பாசிட்டிவ் ஸ்மியரைத் தொட்டால், சாயமேறிச் சிவப்புக் கம்பிகளாகத் தெரியும் கிருமிகள் சில அதில் ஒட்டி, பாட்டிலுக்குள் போய், அடுத்த ஸ்லைடில் இறங்கும். லென்ஸில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டப் பரப்பைத்தான் ஃபீல்டு என்கிறோம்; 100 ஃபீல்டில் 1 முதல் 9 கிருமிகள் இருந்தாலே அந்த எண்ணிக்கையை ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். அப்படியிருக்க, பாட்டில் வழியே வந்த இரண்டு கம்பிகள், காசநோய் இல்லாத ஒருவரை ஆறு மாத மாத்திரைக்கு அனுப்பிவிடக்கூடும். அதனால் முனை ஸ்மியரைத் தொடாமல், மேலே பிடித்து, சொட்டு தானாக விழும்படி விட வேண்டும். பாசிட்டிவ் ஸ்லைடு பார்த்து முடித்ததும் அடுத்ததை வைக்கும் முன் லென்ஸைத் துடைக்க வேண்டும். ஸ்லைடில் ஒரு முனை தொட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தால் நான் அந்தப் பாட்டிலையே ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் திறக்கச் சொல்வேன்.