‘யெஸ்டர்டே’ இருக்கும் இடத்தில் ‘ஹேவ்’ இருக்காது

ஏர்கான் சர்வீஸ் செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து தெம்பனிஸ் வாடிக்கையாளர் ஒருவருக்கு மின்னஞ்சல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் தமிழர்.

“ஐ ஹேவ் ரிசீவ்டு யுவர் கம்ப்ளெயின்ட் யெஸ்டர்டே. தி டெக்னீஷியன் ஹேஸ் கம் அட் த்ரீ பி.எம்., பட் நோபடி வாஸ் அட் ஹோம். டில் நவ் வீ டிட் நாட் கெட் எனி ரிப்ளை ஃப்ரம் யூ.”

என்ன சொல்ல வருகிறார் என்பது யாருக்கும் புரியும். ஆனால் மூன்று வாக்கியத்திலும் ஒவ்வொரு தவறு இருக்கிறது. முதல் இரண்டில் ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ போட்டு எழுதும் ப்ரெசென்ட் பர்ஃபெக்ட் வேண்டாத இடத்தில் வந்திருக்கிறது. மூன்றாவதில் வேண்டிய இடத்தில் வராமல் போயிருக்கிறது. இரண்டுமே நம் தமிழிலிருந்து வரும் பழக்கங்கள்தான்.

“பாரதியார் இதை 1908-இல் எழுதியிருக்கிறார்” என்று நாம் சொல்வோம். “டெக்னீஷியன் நேற்று மூன்று மணிக்கே வந்திருக்கிறார்” என்றும் சொல்வோம். இரண்டும் நல்ல தமிழ். நாமே நேரில் பார்க்காத ஒன்றை, தடயத்தையோ பிறர் சொன்னதையோ வைத்துச் சொல்லும்போது ‘இருக்கிறார்’ தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ‘நேற்று’ இருந்தாலும், ஆண்டே இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இந்த ‘வந்திருக்கிறார்’தான் ‘ஹேஸ் கம்’ என்று நம் மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. பள்ளியில் நாம் படித்த பட்டியலிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது.

ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ வேறு வேலைக்காக வருகிறது. நடந்ததை இன்றோடு கட்டிப்போடுவது அதன் வேலை. எப்போது நடந்தது என்று நாளையோ மணியையோ சொன்ன அந்தக் கணமே அந்தக் கட்டு அறுந்துவிடும். அதனால் யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2019, அட் த்ரீ பி.எம். என்று முடிந்துபோன நேரம் எதுவும் வாக்கியத்தில் இருந்தால் சிம்பிள் பாஸ்ட்தான்: “ஐ ரிசீவ்டு யுவர் கம்ப்ளெயின்ட் யெஸ்டர்டே. தி டெக்னீஷியன் கேம் அட் த்ரீ பி.எம்.” கேள்விக்கும் இதே கதைதான். ‘வென்’ என்று தொடங்கி, நடந்து முடிந்த ஒன்றைக் கேட்டால் “வென் டிட் யூ சென்ட் இட்?” என்றுதான் வரும். “வென் ஹேவ் யூ சென்ட் இட்?” தவறு.

‘விட்டேன்’ என்பதிலும் இதே வழுக்கல் உண்டு. மேலாளர் கேட்கிறார், “ஃபைல் அனுப்பியாச்சா?” நாம் “நேற்றே அனுப்பிவிட்டேன்” என்கிறோம். அதில் இருக்கும் ‘விட்டேன்’ வேலை முடிந்தது என்ற உறுதியைத் தருவதால் ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ போட்டால்தான் மனசு ஆறுகிறது: “ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட் யெஸ்டர்டே.” நாளைச் சொல்ல வேண்டுமா, “ஐ சென்ட் இட் யெஸ்டர்டே” போதும். முடிந்தது என்பதுதான் முக்கியமா, “ஐ ஹேவ் ஆல்ரெடி சென்ட் இட்” போதும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். சிங்கப்பூரில் ‘ஆல்ரெடி’யே ஒரு காலக்குறி மாதிரி ஆகிவிட்டது. காப்பிக்கடையில் “ஐ ஈட் ஆல்ரெடி” என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை. அந்த இடத்துக்கு அதுதான் சரியான பேச்சு என்பேன். மின்னஞ்சலில் அது உதவாது.

மூன்றாவது வாக்கியத்துக்கு வருவோம். தமிழில் ‘வரவில்லை’ என்ற ஒரே சொல்லை வைத்து எல்லாவற்றையும் சமாளிக்கிறோம். “நேற்று பதில் வரவில்லை”, “இதுவரை பதில் வரவில்லை” இரண்டுக்கும் வினை ஒன்றுதான். ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும். ‘நேற்று’ முடிந்த நேரம், எனவே “வீ டிட் நாட் கெட் எ ரிப்ளை யெஸ்டர்டே.” ‘இதுவரை’ என்பது இந்த நிமிடம் வரை நீளும் நேரம், கதவு இன்னும் மூடவில்லை. அங்கே “வீ ஹேவ் நாட் ஹேட் எ ரிப்ளை சோ ஃபார்” என்று ‘ஹேவ்’ வந்தாக வேண்டும். சோ ஃபார், சின்ஸ் மண்டே, ‘இன்னும் இல்லை’ என்ற பொருளில் யெட் எல்லாம் இந்தப் பக்கம்.

இந்தத் தவறு வேலை விண்ணப்பத்தில் நுழைந்தால் கொஞ்சம் சிக்கல். “அஞ்சு வருஷமா சேஃப்டி சூப்பர்வைசரா வேலை பார்க்கிறேன்” என்பதை ஒருவர் “ஐ வொர்க்டு அஸ் எ சேஃப்டி சூப்பர்வைசர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்று எழுதுகிறார். படிப்பவர் அவர் அந்த வேலையை விட்டுவிட்டார் என்றே எடுத்துக்கொள்வார். நேர்காணலில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் இவர் விழிக்க வேண்டியதுதான். ‘பார்க்கிறேன்’ நிகழ்காலம்தானே என்று “ஐ ஆம் வொர்க்கிங் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்று எழுதினாலும் சரிவராது. இன்னும் அந்த வேலையில் இருந்தால் “ஐ ஹேவ் வொர்க்டு” அல்லது “ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்.” பழைய வேலைக்கு, “ஃப்ரம் 2015 டு 2018” என்று இரண்டு முனையும் மூடியிருப்பதால், “ஐ வொர்க்டு” மட்டும்தான். ஒரே விண்ணப்பத்தில் இரண்டும் அடுத்தடுத்து வருவது சகஜம். எனவே எல்லா வரியையும் ஒரே அச்சில் வார்க்கக் கூடாது.

‘போயிருக்கிறேன்’ இன்னொரு வம்பு. “பினாங்குக்குப் போயிருக்கிறேன்” என்றால் அந்த ஊரைப் பார்த்த அனுபவம் உண்டு என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அது “ஐ ஹேவ் பீன் டு பினாங்.” “ஹீ ஹேஸ் கான் டு பினாங்” என்றால் ஆள் இப்போது இங்கே இல்லை, அங்கே போயிருக்கிறார். “ஐ ஹேவ் கான் டு பினாங்” என்று எதிரே நின்றுகொண்டே சொன்னால் கேட்பவருக்குக் குழப்பம்தான்.

காதுக்குப் பழக வேண்டுமென்றால் சிங்கப்பூர்க் காவல்துறையின் ஆங்கிலச் செய்தியறிக்கைகளைப் பாருங்கள். முதல் வரி பெரும்பாலும் “தி போலீஸ் ஹேவ் அரெஸ்டட் எ மேன்” என்கிற மாதிரி இருக்கும். செய்தி புதிது, நாள் அந்த வரியில் முக்கியமில்லை. அடுத்த பத்தியில் தேதியும் மணியும் வரும், அங்கிருந்து ‘ரிசீவ்டு’, ‘அரைவ்டு’ என்று எல்லாம் சிம்பிள் பாஸ்ட். அறிவிக்கும்போது ‘ஹேவ்’, விவரிக்கும்போது இல்லை. அலுவலக மின்னஞ்சலையும் இப்படியே கட்டலாம்: “வீ ஹேவ் ரிப்ளேஸ்டு தி கம்ப்ரெஸர். தி டெக்னீஷியன் டிட் இட் திஸ் மார்னிங் அண்ட் செக்டு தி கேஸ் ப்ரெஷர்.”

‘திஸ் மார்னிங்’ மட்டும் இரண்டுங்கெட்டான். காலை பத்து மணிக்குப் பேசினால் காலை இன்னும் முடியவில்லை; “ஐ ஹேவ் ஸ்போக்கன் டு ஹிம் திஸ் மார்னிங்” சரி. சாயங்காலம் நான்கு மணிக்கு அதையே சொன்னால் ‘ஸ்போக்’. அப்புறம், அமெரிக்கத் தொடர்கள் நிறையப் பார்ப்பவர்கள் “டிட் யூ ஈட் யெட்?” என்று கேட்டுக் குழம்பலாம். அமெரிக்கர்கள் ஆல்ரெடி, யெட், ஜஸ்ட் ஆகியவற்றோடு சிம்பிள் பாஸ்டைத் தாராளமாகப் போடுவார்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் சொல்லித்தருவது பிரிட்டிஷ் வழக்கை ஒட்டியது, அதன்படி “ஹேவ் யூ ஈட்டன் யெட்?” ஆனால் “ஹேவ் சீன் யெஸ்டர்டே” அமெரிக்காவிலும் தவறுதான்.