‘சுத்தமான கருவாடு’ என்று எழுதாதீர்கள்: மணலை எடை போட்டு விளம்பரம் எழுதும் முறை

“சுத்தமான, தரமான, சுவையான நெத்திலி கருவாடு. 100% மணல் இல்லை. ஆர்டருக்கு உடனே அழைக்கவும்.”

மண்டபத்திலிருந்து வந்தாலும் தொண்டியிலிருந்து வந்தாலும் வாட்ஸ்அப்பில் வரும் கருவாட்டு விளம்பரம் இப்படித்தான் இருக்கிறது. கீழே உள்ள போன் நம்பரை மட்டும் மாற்றினால் யார் வேண்டுமானாலும் தன் சரக்குக்குப் போட்டுக்கொள்ளலாம். மணலில் கொட்டிக் காயவைத்தவரும் இதையேதான் எழுதுகிறார். படிப்பவர் எதை வைத்து நம்புவார்?

கடற்கரையில் சின்ன அளவில் கருவாடு போட்டு விற்பவர்கள், மகளிர் குழுக்கள், வீட்டுப் பிள்ளைகள் யாராவது விளம்பரம் எழுத உட்கார்ந்தால் அவர்களுக்கு உதவட்டும் என்று ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொண்டு முழுதாகச் செய்து காட்டுகிறேன். ஒரு விஷயம் முன்கூட்டியே: கீழே வரும் கிலோ, கிராம் கணக்கெல்லாம் முறையைக் காட்டுவதற்காக நான் போட்டவை. உங்கள் விளம்பரத்தில் வரும் எண் உங்கள் தராசிலிருந்துதான் வர வேண்டும்.

படி 1: வாங்குபவரின் பயம் எது என்று கண்டுபிடியுங்கள்

உங்களிடம் ஏற்கெனவே வாங்கியவர்களின் செய்திகளைத் திரும்பப் படியுங்கள். கருவாட்டைப் பொறுத்தவரை கேள்விகள் இரண்டு மூன்றுதான்: மணல் நறநறக்குமா, எத்தனை நாளைக்கு முந்தைய சரக்கு, ஏன் இவ்வளவு விலை. சுவையைப் பற்றி முன்கூட்டி யாரும் கேட்பதில்லை. ஆனால் விளம்பரத்தில் பாதி சுவையைப் பற்றியே இருக்கும்.

எண் போடுவதென்றால் இந்தப் பயங்களுக்குப் பதிலாகப் போடுங்கள். “எங்கள் குழுவில் 14 பேர்” என்பது உண்மையான எண்தான். ஆனால் மணலுக்குப் பயப்படுகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

படி 2: நோட்டுப் புத்தகத்தோடு காயவைக்கும் இடத்துக்குப் போங்கள்

வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் பெயரடைகள்தான் வரும். காயவைக்கும் இடத்தில் ஒரு காலைப் பொழுது நின்றால் போதும். என்ன படகில் மீன் வந்தது, பச்சையாக எவ்வளவு எடை, எதன் மேல் பரப்பினார்கள், எப்போது புரட்டினார்கள், எப்போது அள்ளினார்கள், அள்ளும்போது எவ்வளவு எடை. இதை அப்படியே எழுதுங்கள். பாம்பன் பக்கம் கருவாடு போடும் ஒரு அக்காவிடம் “ஏன் தரையில போடாம கட்டில்ல போடுறீங்க?” என்று கேட்டால் இப்படிப் பதில் வரும்:

“தரையில போட்டா மேல்பக்கம் மட்டுந்தான் காயும் தம்பி. வலைக்கட்டில்ல போட்டா அடியிலயும் காத்து போகும்ல. நாய் வாய் வைக்காது. காக்காய்க்குத்தான் ஆள் நிக்கணும்.”

இந்தப் பதிலில் விளம்பரத்துக்கு வேண்டியது முக்கால்வாசி இருக்கிறது. அடியிலும் காற்று போகும் என்பது காரணம். நாய் வாய் வைக்காது என்பது வாங்குபவர் கேட்கக் கூச்சப்படும் கேள்விக்குப் பதில். அவருக்கு இது அன்றாட வேலை என்பதால் சொல்லத் தகுந்த விஷயமாகவே தோன்றியிருக்காது. அதனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

படி 3: மணலை அளந்து பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். “மணல் இல்லை” என்று சொல்வதைவிட, “இவ்வளவு மணல் இருக்கிறது” என்று சொல்வது அதிகம் நம்பப்படும்.

விளம்பர உலகில் இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 1882-ல் ஐவரி சோப்புக்கு விளம்பரம் கொடுத்தபோது “தூய்மையானது” என்று மட்டும் சொல்லவில்லை. 99.44 சதவீதம் தூய்மை என்று போட்டது. வேதியியல் பரிசோதனையில் சோப்பில் சேரக்கூடாதவை என்று கண்டவற்றைக் கூட்டினால் 0.56 சதவீதம் வந்தது. அதை நூறிலிருந்து கழித்தார்கள். குறையை அளந்து பார்த்ததால் கிடைத்த எண் அது. ‘100%’ என்று எழுதியிருந்தால் அளக்காமல் சொன்னதாகத்தான் தோன்றியிருக்கும். வட்டமான எண் வாயில் வருவது, ஒழுங்கற்ற எண் தராசில் வருவது என்று படிப்பவர் தானாகவே எடுத்துக்கொள்கிறார்.

கருவாட்டுக்கு இதை இப்படிச் செய்யலாம். ஒரே நாளில் காய்ந்த சரக்கில் மூன்று வெவ்வேறு பைகளிலிருந்து 500 கிராம் வீதம் எடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, நன்றாக அலசி, மீனை வெளியே எடுத்துவிடுங்கள். தண்ணீரில் மணலோடு செதிலும் உடைந்த தலைத் துணுக்கும் கிடக்கும். அரிசி அரிப்பது போலத் தட்டைச் சாய்த்துச் சுழற்றினால் இலேசானது தண்ணீரோடு போய்விடும், மணல் அடியில் தங்கும். அதைக் காயவைத்து, நகை எடை போடும் சின்னத் தராசில் வைத்துப் பாருங்கள்.

ஏன் 100 கிராம் எடுக்காமல் அரை கிலோ? அந்த வகைத் தராசு பல 0.1 கிராம் வரைதான் காட்டும். 100 கிராமில் கிடைக்கும் மணல் 0.2 கிராம் என்றால், அந்த 0.2 உண்மையில் 0.1-ஆகவும் 0.3-ஆகவும் இருக்கலாம். அளவைக் கூட்டினால் அந்தப் பிழையின் பங்கு சிறிதாகிவிடும். தராசு காட்டாத இலக்கத்தை விளம்பரத்தில் காட்டவே கூடாது. மூன்றையும் கூட்டி வகுத்து ‘0.933 கிராம்’ என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

மூன்று பையிலும் 0.8, 1.1, 0.9 கிராம் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். எதைப் போடுவது? சராசரியைப் போடத் தோன்றும். நான் 1.1-ஐத்தான் போடச் சொல்வேன். சராசரியைப் போட்டால் உங்களிடம் வாங்குபவர்களில் பலருக்கு அதைவிட அதிக மணல் வரும். அவர்களில் ஒருவர் வீட்டில் அரித்துப் பார்த்தாலும் உங்கள் பேச்சு பொய்யாகும். அதிகபட்சத்தைப் போட்டால் பெரும்பாலானோருக்கு நீங்கள் சொன்னதைவிட நல்ல சரக்கே போய்ச் சேரும்.

பக்கத்து ஊர்ச் சரக்கையும் வாங்கி அரித்து, ‘அவர்களுடையதில் இத்தனை’ என்று எழுதலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். உங்கள் எண்ணைச் சொன்னாலே, வேறு இடத்தில் வாங்குபவர் தன் சமையலறையில் அந்த ஒப்பீட்டைச் செய்துகொள்வார்.

படி 4: விலைக்கு ஒரு எண், நாளுக்கு ஒரு விவரம்

42 கிலோ பச்சை மீன் காய்ந்து 11 கிலோ 300 கிராம் ஆனது என்றால், ஒரு கிலோ கருவாட்டுக்கு ஏறத்தாழ 3 கிலோ 700 கிராம் மீன் போயிருக்கிறது. “விலை நியாயமானது” என்ற வரியைவிட இந்தக் கணக்கு நன்றாகப் பேசும்.

பழைய சரக்கோ என்ற பயத்துக்கு மீன் வந்த தேதியும் படகின் வகையும் போதும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுகள் போகும். மே மாதம் “இன்று விசைப்படகில் வந்த மீன்” என்று எழுதினால் ராமேசுவரத்தில் படிக்கிற முதல் ஆளே சிரிப்பார். அதே மே மாதம் “நாட்டுப்படகு மீன்” என்று இருந்தால், கடற்கரைக்காரர் படிக்கும்போது தலையாட்டுவார். வேறு ஊரிலிருந்து லாரியில் வந்த மீனை இங்கே காயவைத்துவிட்டு ‘பாம்பன் மீன்’ என்று எழுதினாலும் இதே கதைதான். சின்ன விவரம் சரியாக இருந்தால் எவ்வளவு தூக்கிவிடுமோ, தவறாக இருந்தால் அவ்வளவு இறக்கியும் விடும்.

படி 5: எழுதுங்கள்

இனி எழுதுவது எளிது. பெயரடை ஒன்றுகூடத் தேவைப்படவில்லை, பாருங்கள்:

“நெத்திலி கருவாடு, பாம்பன். மே 6 காலை நாட்டுப்படகில் வந்த 42 கிலோ மீன். இடுப்பு உயரக் கட்டிலில், நைலான் வலை மேல் இரண்டு நாள் வெயிலில் காய்ந்து 11 கிலோ 300 கிராம் ஆனது. மூன்று பைகளிலிருந்து அரை அரை கிலோ எடுத்து அரித்துப் பார்த்தோம். அதிகமாகக் கிடைத்த மணல் 1.1 கிராம். அதனால் ஒரு தடவையாவது அலசிவிட்டுச் சமையுங்கள். தலை கிள்ளாதது.”

கடைசி இரண்டு வரிகளும் சரக்குக்கு எதிராகப் பேசுகின்றன. அவற்றை எடுத்துவிடச் சொல்லி யாராவது உங்களை வற்புறுத்துவார்கள். விடாதீர்கள். தலை இருக்கிறது என்று தானாகச் சொன்னவர் மணல் கணக்கிலும் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்று படிப்பவருக்குத் தோன்றும். பார்சலைப் பிரித்ததும் எப்படியும் தெரியப்போகிற விஷயம்தானே.

அதே சமயம் ஐந்தாறு எண்ணுக்கு மேல் திணிக்காதீர்கள். வலைக்கண்ணின் அளவு, கட்டிலின் நீளம், புரட்டிய நேரம் எல்லாம் நோட்டில் இருக்கட்டும். யாராவது கேட்டால் சொல்லலாம்.

படி 6: எழுதக்கூடாதவை

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறை, ‘இயற்கை’, ‘பாரம்பரிய’, ‘தூய’, ‘ஃப்ரெஷ்’ போன்ற சொற்களை உணவுப் பொருளுக்குப் பயன்படுத்த நிபந்தனைகள் வைத்திருக்கிறது. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. “உப்பு குறைவு” என்பதையும் விட்டுவிடுங்கள். அப்படிச் சொல்லச் சோடியம் அளவில் வரம்பு இருக்கிறது, உப்புக் கருவாடு அதற்குள் வராது. இத்தனை கிலோ மீனுக்கு இத்தனை கிலோ உப்பு போட்டோம் என்று நடந்ததைச் சொல்லலாம்.

படி 7: சரக்கு மாறினால் எண்ணும் மாற வேண்டும்

மே 6 சரக்கின் எண் அந்தச் சரக்குக்கு மட்டும்தான். அது விற்றுத் தீர்ந்த பிறகும் அதே வரிகளை ஃபார்வர்டு செய்துகொண்டிருந்தால், அன்று உண்மையாக இருந்தது இன்று பொய். அதனால் ஒவ்வொரு சரக்குக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, பையின் மேல் அதே தேதியை எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அரை கிலோவை மூன்று தடவை அரிக்க வேண்டும் என்பது வேலைதான், ஆனால் அலசிய மீனை அன்றே வீட்டில் குழம்பு வைத்துவிடலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாளில் காயாது, நடுவில் அள்ளி உள்ளே வைத்துத் திரும்பப் பரப்ப வேண்டியிருக்கும். அப்போது இப்படி எழுதுங்கள்: “நடுவில் ஒரு நாள் மழை, காய நான்கு நாள் ஆனது. ஈரப்பதம் கொஞ்சம் கூடுதல், வாங்கியதும் ஒரு வெயில் காட்டி வையுங்கள்.” விலையையும் அதற்கேற்பக் குறைத்துப் போடுங்கள்.