மதியம் மட்டும் குளிராத ஃப்ரிட்ஜ்: மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒரு சோதனை

போன ஏப்ரலில் எங்கள் வீட்டில் மாலைச் சாயாவுக்கு எடுத்த பால் மூன்று நாள் திரிந்துபோனது. காலையில் அதே ஃப்ரிட்ஜில் தண்ணீர் பல் கூசும் அளவுக்கு இருக்கும். பார்க்க வந்தவர் கேஸ் குறைவு, நிரப்ப வேண்டும் என்றார். கேஸ் குறைந்திருந்தால் ராத்திரி மட்டும் எப்படி நன்றாகக் குளிரும் என்ற சந்தேகத்தில் நானே அளந்து பார்த்தேன். நாகர்கோவிலுக்குப் பக்கம் கான்கிரீட் வீடு, மேற்குப் பார்த்த அடுக்களை. உங்கள் வீடும் இப்படி என்றால் இதே வரிசையில் செய்து பாருங்கள்.

முதலில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். வயரோடு வரும் சின்ன டிஜிட்டல் வகைதான் எனக்குப் பிடித்தது, கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து படிக்கலாம். அதன் முனையை ஒரு டம்ளர் தண்ணீருக்குள் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். சும்மா தொங்கவிட்டால் கதவு திறக்கும்போதெல்லாம் எண் குதிக்கும். தண்ணீரில் இருந்தால் பாலும் மீனும் உண்மையில் எந்தச் சூட்டில் இருக்கின்றன என்று தெரியும். அடுக்களைச் சூட்டையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கணக்கு இது. காலை 6 மணிக்கு அடுக்களை 27 டிகிரி, டம்ளர் 4. மாலை 4 மணிக்கு அடுக்களை 34, டம்ளர் 10. பால் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. காலையில் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 23 டிகிரி. உள்ளே அதே 4 டிகிரி வேண்டுமென்றால் மதியம் 30 டிகிரி. அதாவது சுவர் வழியாக உள்ளே வரும் சூடு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அதே நேரத்தில், வெளியே காற்றும் சூடாக இருப்பதால், சூட்டைத் தள்ளும் திறன் குறைகிறது. வேலை கூடி, பலம் குறையும் நேரம் மதியம்.

அப்புறம் கதவு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை 12 மணி முதல் 4 மணி வரை யாரும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அடுக்களை அதே 34, டம்ளர் 7. ஏறியிருந்த ஆறு டிகிரியில் மூன்று கதவால் வந்தது, மீதி மூன்று அறைச்சூட்டால்.

கதவு என்றால் திறப்பது மட்டும் இல்லை. நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், அது உள்ளே போய்த் தண்ணீராகும்போதும் சூட்டை விடும். ஆனாலும் ஒரு தடவை திறந்து மூடுவதைவிட உள்ளே வைக்கும் பொருள்தான் பெரிய சுமை. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு லிட்டர் தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பி வைத்தால், பத்துத் தடவைக்கு மேல் கதவைத் திறந்ததற்குச் சமமான சூடு உள்ளே போகிறது. இப்போது பாட்டில்களை ராத்திரி படுக்கும் முன்தான் நிரப்புகிறோம். மீன்கறியை நன்றாக ஆறவிட்டு, மூடிதான் வைக்கிறோம்.

நான் ஏமாந்த இடம் அடுத்தது. ஃப்ரிட்ஜைப் பின்சுவரிலிருந்து ஒரு சாண் இழுத்துப் போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. காரணம், எங்கள் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கறுப்புக் கம்பிவலையே கிடையாது. சூட்டை விடும் குழாய்கள் இரண்டு பக்கத் தகட்டுக்குள் மறைந்திருக்கின்றன. கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உங்களுடையதும் அந்த வகைதான். நாங்கள் அந்தப் பக்கத்தில்தான் அரிசி டிரம்மை ஒட்டி வைத்திருந்தோம்! அதை எடுத்து, இரண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளி விட்டேன். கம்பிவலை இருக்கும் பழைய வகை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் தூசியைப் பிரஷ்ஷால் தட்டுங்கள்.

இரண்டு மாற்றத்துக்கும் பிறகு, வழக்கம்போல் கதவு திறந்து மூடும் ஒரு நாளில், மாலை 4 மணிக்கு டம்ளர் 6 காட்டியது. ஐந்துக்குள் வர, அடுக்களை மேல் ஜன்னலில் வெயில் விழாமல் தட்டி கட்ட வேண்டியிருந்தது.

பின்சேர்க்கை: வாசித்த ஒரு அக்கா, மதியம் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருப்பினால் போதாதா என்று கேட்டிருந்தார். அப்படித் திருப்பியதில் அவர் வீட்டில் காலையில் கீரையும் தக்காளியும் உறைந்திருக்கின்றன. குமிழ், கம்ப்ரசர் எப்போது நிற்க வேண்டும் என்று மட்டுமே சொல்லும். மதியம் அது ஏற்கெனவே நிற்காமல் ஓடுகிறது, திருப்பியும் பலன் இல்லை. ராத்திரி அறை குளிர்ந்த பிறகும் நிற்காமல் ஓடுவதால்தான் காய்கறி உறைகிறது. நடு எண்ணிலேயே விடுங்கள்.

இன்னொருவர் டம்ளர் விடியற்காலையிலும் 9 டிகிரி என்கிறார். அது வேறு கோளாறு. கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் இறுக்கிப் பிடித்தால் கேஸையும் கம்ப்ரசரையும் சோதிக்க ஆளைக் கூப்பிடுங்கள், அடுக்களைச் சூடு, டம்ளர் சூடு இரண்டையும் எழுதிக் கையில் கொடுங்கள்.