வட்டிக்கு விட்ட பணம்: வாராக்கடன் போக நிகர வருமானம் எவ்வளவு?

தனிநபர்களுக்கு நேரடியாகக் கடன் கொடுக்க உதவும் பியர்-டு-பியர் தளத்தில் விட்ட பணத்துக்கு, 90 நாளுக்கு மேல் தவணை நின்ற கடனின் பாக்கி அசலைச் சுழி என்று வைத்து, தேதிவாரியாக வருட வருமான விகிதம் காட்டும் XIRR-ஐ எக்செலில் போடுங்கள். A பத்தியில் தேதி. B பத்தியில் போட்ட பணம் மைனஸ், கட்டணம் போகக் கைக்கு வந்தது பிளஸ். கடைசி வரியில், ஒழுங்காகக் கட்டுகிறவர்களின் பாக்கி அசல் மட்டும்.

```
=XIRR(B2:B15,A2:A15)
```

ஈரோட்டுக்காரர் ஒருவர் 20 பேருக்குத் தலா 5,000 ரூபாய், 18% வட்டி, 12 மாதத் தவணை என்று கொடுத்ததாக வைப்போம். மாதத் தவணை சுமார் 458 ரூபாய். மூன்று தவணையோடு இரண்டு பேர் நின்றுவிட்டால், வருட முடிவில் வரவு சுமார் 1,01,700 ரூபாய்தான். நிகர வருமானம் 3% சொச்சம். நின்றுபோன 7,660 ரூபாய் அசலையும் சொத்தாகக் கணக்கில் வைத்தால் லாபம் 9,400 ரூபாய் போலத் தெரியும். ஏமாற்றுவது இந்த இடம்தான். பிற்பாடு வசூலானால், வந்த தேதியில் பிளஸ் வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கடன் கொடுத்து நாலைந்து மாதம்கூட ஆகவில்லை என்றால் இந்த எண்ணை நம்பாதீர்கள். தவணை நிற்க ஆரம்பிப்பதே அதற்குப் பிறகாக இருக்கலாம்.