வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக் கொண்டுவராதீர்கள்: முதல்முறை பிரமாணப் பத்திரம் கொடுப்பவர்களுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நீதிமன்றம், கலெக்டர் ஆபீஸ் பக்கம் பத்திரம் டைப் செய்து கொடுப்பது என் தொழில். முதல்முறையாக அபிடவிட் போட வருகிறவர்களில் பலர் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். “சீல் மட்டும் வாங்கிக் கொடுங்கண்ணே” என்பார்கள். பெரும்பாலும் வேலை கெடுவது அங்கேதான்.

பிரமாணப் பத்திரம் என்றால் ‘இதில் எழுதியிருப்பது உண்மை’ என்று ஒரு அதிகாரியின் முன்னால் சத்தியம் செய்து தரும் எழுத்து. கடவுள் பெயரால் சத்தியம் செய்யலாம். விருப்பமில்லாதவர்கள் உளமார உறுதி கூறலாம். சட்டத்தில் இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். அதைக் கேட்டு, நீங்கள் யார் என்று அடையாள அட்டையைப் பார்த்து உறுதி செய்து, தன் கண்ணெதிரே நீங்கள் கையெழுத்துப் போட்டதற்குத்தான் நோட்டரி சீல் வைக்கிறார். உள்ளே இருப்பது உண்மை என்று அவர் சொல்வதில்லை. அதற்கு முழுப் பொறுப்பும் உங்களுடையது. தெரிந்தே பொய் சொல்லியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி சிறைத் தண்டனை வரைக்கும் போகும்.

சமீபத்தில் ஒரு அம்மா வந்தார். பள்ளிச் சான்றிதழில் ‘க. அமுதவல்லி’, ஆதாரில் ‘அமுதா சேகர்’ (பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்). இரண்டும் ஒருவரே என்று ஒரு அலுவலகத்தில் அபிடவிட் கேட்டிருந்தார்கள். மகள் புதுச்சேரியில் இருப்பதால் அங்கேயே முத்திரைத்தாள் வாங்கி, எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டார்.

முதல் சிக்கல் தாளில். புதுச்சேரி தாள் வேறு, தமிழ்நாட்டுத் தாள் வேறு. கையெழுத்தாகும் இடம் கடலூர் என்றால் தமிழ்நாட்டுத் தாள்தான் வேண்டும். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான் என்றாலும் நடுவில் இருப்பது மாநில எல்லை. இங்கே அபிடவிட்டுக்கு முன்பு 20 ரூபாய்த் தாள் போதும். 2024 முதல் 200 ரூபாய். பழைய ஞாபகத்தில் 20 ரூபாய்த் தாளோடு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தாளை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். வாங்கிய தேதிக்கு முந்தைய தேதி பத்திரத்தில் இருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அபிடவிட்டுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலர் வீணாகச் செலவழிக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் உள்ளே இருந்தது. “பள்ளியில் சேர்க்கும்போது என் தந்தை இந்தப் பெயரைக் கொடுத்தார்” என்று, தான் நேரில் கண்டதுபோல எழுதியிருந்தார். அப்போது அவருக்கு வயது ஐந்து. “உங்களுக்கு இது எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். “அம்மா சொல்லித்தான்” என்றார். அதையும் எழுதலாம், தவறில்லை. ஆனால் கேட்டறிந்தது என்று எழுத வேண்டும். கடைசியில் வரும் சரிபார்ப்புப் பத்தியை இப்படி மாற்றினோம்: “1 முதல் 3 வரையான பத்திகளில் உள்ளவை நான் நேரில் அறிந்தவை. 4ஆம் பத்தியில் உள்ளது என் தாயார் சொல்லக் கேட்டு, உண்மை என்று நான் நம்புவது.” நான் கண்டது எது, கேட்டது எது என்று பிரித்து எழுதுவதுதான் அபிடவிட்டின் உயிர். மாதிரிப் படிவத்தை அப்படியே காப்பி அடிக்கும்போது முதலில் தொலைவது இதுதான்.

பெயர்களையும் தோராயமாக எழுதக் கூடாது. எந்த ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ, இனிஷியலும் புள்ளியும் உட்பட அப்படியே எழுதி, அந்த ஆவணத்தின் எண்ணையும் சேர்த்து, “மேற்கண்ட இரண்டு பெயர்களும் ஒரே நபரான என்னையே குறிக்கும்” என்று முடிக்க வேண்டும்.

அப்புறம் புதுத் தாளில் டைப் செய்து, கையெழுத்துப் போடாமல் அசல் ஆதாரோடும் சான்றிதழோடும் நோட்டரியிடம் போனோம். அவர் படித்துப் பார்க்கச் சொன்னார். அந்த அம்மா கண்ணாடி கொண்டுவராததால் நோட்டரியே வாய்விட்டுப் படித்துக் காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் படித்துக்காட்டி விளங்க வைத்த விவரத்தைப் பத்திரத்திலேயே குறிக்க வேண்டும். ஒரு எண்ணில் பிழை இருந்தது. அடித்துத் திருத்திய இடத்தில் அந்த அம்மாவும் நோட்டரியும் சுருக்கொப்பம் வைத்தார்கள். அதன் பிறகுதான் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, கடைசியில் நோட்டரியின் பதிவேட்டிலும் ஒன்று. பதிவேட்டு வரிசை எண் பத்திரத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; பின்னால் யாராவது சந்தேகம் கேட்டால் அதை வைத்துத்தான் தேடுவார்கள். அசலைக் கொடுக்கும் முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது, “இனி என் பெயர் அமுதா சேகர்தானே?” என்று கேட்டார். இல்லை. இரண்டு பெயருக்கும் சொந்தக்காரர் ஒருவரே என்பதற்குத்தான் இந்தப் பத்திரம். பெயரையே மாற்ற வேண்டுமென்றால் அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். அதற்கு விண்ணப்பம் தனி.